98 சதவீதம் என்றால் எதில் 98?

குடோன் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களை வரிசையாகப் படித்தால் மூன்று வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "ஸ்டாக் துல்லியம் 99 சதவீதம் பராமரித்தேன்." "நாளொன்றுக்கு 5,000 டிஸ்பாட்ச் கையாண்டேன்." "எஸ்ஏபி, எக்செல் நன்றாகத் தெரியும்." எழுதியவருக்கு இவை பெருமையான வரிகள். குடோனை நடத்திப் பழகிய மேலாளருக்கோ மூன்றுமே பாதியில் நின்றுபோன வாக்கியங்கள். எதை எண்ணி 99 வந்தது? 5,000 என்பது பெட்டியா, பீஸா, ஆர்டரா? எஸ்ஏபியில் திறந்த திரை எது?

ஒரு எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அதை வைத்து ஆளை எடைபோட முடியாது. கிடங்கு வேலைக்கான ரெஸ்யூமில் வகுத்தல் கணக்கின் மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். அது ஏன் என்று ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம்.

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகங்களை வைத்து அனுப்பும் குடோன் ஒன்றை நினைத்துக்கொள்வோம். பொருள் வாகன நிறுவனத்துடையது, குடோனை நடத்துவது வேறொரு நிறுவனம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இந்த ஏற்பாடு பெருகியது. அதற்கு முன் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு என்பதால், பல நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு சிறிய டிப்போ வைத்திருந்தன. அந்தக் காரணம் போனதும் சிறிய டிப்போக்கள் சேர்ந்து பெரிய குடோன்கள் ஆயின. அவற்றை நடத்தும் நிறுவனம் பொருளின் சொந்தக்காரருக்கு மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் முதலில் நிற்பவை ஸ்டாக் துல்லியமும் டிஸ்பாட்ச் அளவும். ஆள் எடுப்பவர் ரெஸ்யூமில் இந்த இரண்டையும் தேடுவது அதனால்தான்.

நம் மாதிரியில் இருப்பவர் ஆறு வருட அனுபவமுள்ள ஷிஃப்ட் சூப்பர்வைசர். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்குப் போடும் முறை மட்டும் எந்தக் குடோனுக்கும் பொருந்தும்.

ஒரே தாள், மூன்று விடை

அந்தக் குடோனில் 3,000 லொக்கேஷன்கள். லொக்கேஷன் என்றால் ரேக்கில் எண் ஒட்டிய ஒரு தட்டு அல்லது ஓர் அறை. வருடத்துக்கு ஒருமுறை குடோனை மூடி எல்லாவற்றையும் எண்ணுவதற்குப் பதிலாக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கொண்டே போகிறார்கள். இதற்கு சைக்கிள் கவுண்ட் என்று பெயர். மாதத்துக்கு 400 லொக்கேஷன் எண்ணப்படுகிறது.

ஒரு மாதத்தின் தாளை எடுப்போம். எண்ணிய 400 லொக்கேஷன்களிலும் சேர்த்துக் கம்ப்யூட்டர் கணக்குப்படி 50,000 பீஸ் இருக்க வேண்டும். 384 லொக்கேஷன்களில் கணக்கும் கையிருப்பும் சரியாகப் பொருந்தின. 16 பொருந்தவில்லை. அந்தப் பதினாறில் ஒன்பதில் மொத்தம் 310 பீஸ் குறைவு, ஏழில் மொத்தம் 260 பீஸ் அதிகம்.

துல்லியம் எவ்வளவு? குறைவிலிருந்து அதிகத்தைக் கழித்தால் நிகரக் குறைவு 50 பீஸ்தான். 50,000க்கு 50 என்றால் துல்லியம் 99.9 சதவீதம். கழிக்காமல் இரண்டையும் பிழை என்றே கூட்டினால் 570 பீஸ் வருகிறது, துல்லியம் 98.9. பீஸை விட்டுவிட்டு, எத்தனை லொக்கேஷன் சரியாக இருந்தது என்று பார்த்தால் 400க்கு 384, அதாவது 96.

தாள் ஒன்றுதான். விடை 99.9, 98.9, 96 என்று மூன்று. எந்த விடையும் பொய்யில்லை, ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில். பொருளின் மொத்த மதிப்பு ஏட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கணக்குத் துறைக்கு நிகரக் கணக்கு உதவும். அவர்கள் அதையே ரூபாயில் போடுவார்கள். குடோனுக்குள் நின்று ஆர்டரை அனுப்புகிறவருக்கு லொக்கேஷன் கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

ஏன் என்பதற்கு இரண்டு தட்டுகளைப் பார்த்தால் போதும். ஒன்றில் காரின் இடது பக்கக் கண்ணாடி, கணக்கில் 200. பக்கத்தில் வலது பக்கக் கண்ணாடி, கணக்கில் 150. எண்ணினால் இடது 180, வலது 170. கூட்டினால் 350க்கு 350, நிகரக் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆனால் இடது பக்கக் கண்ணாடி 200 வேண்டும் என்று ஆர்டர் வந்தால் 20 இருக்காது. அதற்கு முன்பே, வலது கேட்ட யாருக்கோ இடது போயிருக்கும். அவர்கள் திருப்பி அனுப்பப்போகிறார்கள். நிகரக் கணக்கு மறைப்பது இந்த வகைப் பிழையைத்தான்.

ஆகவே "துல்லியம் 99.9" என்று மட்டும் எழுதிய ரெஸ்யூமைப் பார்த்ததும் அனுபவமுள்ள மேலாளர் முதலில் கேட்பது, "நெட்டா, கிராஸா, லொக்கேஷன் வாரியா?" பதில் வராவிட்டால் அந்த எண்ணை அவர் கணக்கில் எடுக்கமாட்டார். "லொக்கேஷன் வாரியாக 96" என்று எழுதியவரிடம் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

அடுத்த கட்டம், எண்ணிய விதம். எண்ணுபவர் கையில் கொடுத்த தாளில் கணக்கின்படி இருக்க வேண்டிய அளவு அச்சாகியிருந்ததா? அச்சாகியிருந்தால், 48 பீஸ் இருக்கும் தட்டின் முன் நிற்பவர் தாளில் 50 என்று பார்த்துவிட்டு 50 என்றே எழுதிப் போகலாம். சோம்பல் மட்டும் காரணமில்லை, தன் எண்ணிக்கையைவிடத் தாளை நம்புவதும் காரணம். இருப்பைக் காட்டாமல் எண்ணச் சொல்வது பிளைண்ட் கவுண்ட். அப்படி எடுத்த 96க்கு, காட்டி எடுத்த 99ஐவிட நம்பகம் அதிகம். ரெஸ்யூமில் "பிளைண்ட் கவுண்ட்" என்று இரண்டு சொல் சேர்த்தால் இது புரிந்துவிடும்.

எந்த லொக்கேஷன்களை எண்ணினார்கள் என்பதும் உண்டு. மூன்று மாதமாகக் கை படாத தட்டில் பிழை வர வாய்ப்பு குறைவு. தினமும் பத்து முறை எடுத்து வைக்கும் தட்டில்தான் பிழை சேரும். வேகமாக நகரும் பொருள்களை அடிக்கடி எண்ணும் குடோனில் சதவீதம் சற்றுக் குறைவாகவே தெரியும். அங்கே 97 வாங்குவது, தூங்கும் ஸ்டாக்கை எண்ணி 99.5 வாங்குவதைவிடக் கடினம்.

பதினாறு பிழைகள் சொல்வது

சதவீதம் எவ்வளவு என்பதோடு ரெஸ்யூம் நின்றுவிட்டால் அது அறிக்கைதான். சூப்பர்வைசரின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. பொருந்தாத அந்த 16 லொக்கேஷன்களையும் அவர் எப்படிப் படித்தார் என்று பார்ப்போம்.

ஆறு லொக்கேஷன்கள் மூன்று ஜோடிகளாக வந்தன. ஒன்றில் 20 குறைவு என்றால் பக்கத்தில் 20 அதிகம். இன்னொரு ஜோடியில் 40, மூன்றாவதில் 30. இப்படிச் சம அளவில் ஏறி இறங்கினால் பொருள் எங்கும் போகவில்லை, மாற்றி எடுக்கப்பட்டிருக்கிறது. இடது-வலது பாகங்கள், கடைசி எழுத்து மட்டும் வேறுபடும் பார்ட் நம்பர்கள், ஒரே மாதிரிப் பெட்டியில் வரும் இரண்டு அளவுகள் ஆகியவற்றில் இது நடக்கும்.

நான்கு லொக்கேஷன்களில் வித்தியாசம் சரியாக 50. இரண்டில் குறைவு, இரண்டில் அதிகம். அந்தப் பொருள் பெட்டிக்கு 50 பீஸாக வருவது. வித்தியாசம் பெட்டி அளவின் மடங்காக இருந்தால், ஒரு பெட்டியை ஸ்கேன் செய்து இரண்டை எடுத்திருக்கிறார்கள், அல்லது இரண்டு ஸ்கேன் செய்து ஒன்றை எடுத்திருக்கிறார்கள். 

மூன்று லொக்கேஷன்களில் உண்மையில் பிழையே இல்லை, நேரம்தான் குழப்பியது. இரண்டில், பில் போட்டுக் கணக்கிலிருந்து கழித்த பொருள் இன்னும் தட்டிலேயே இருந்தது. அதனால் 70 அதிகம். ஒன்றில், பொருள் டாக்குக்குப் போய்விட்டது, ஆனால் எடுத்ததாக இன்னும் பதியவில்லை. அதனால் 60 குறைவு. எண்ணத் தொடங்கும் முன் பாதியில் நிற்கும் ஆவணங்களை முடித்துவிட்டு, அந்தத் தட்டுகளில் அசைவை நிறுத்தியிருந்தால் இந்த மூன்றும் பட்டியலுக்கே வந்திருக்காது.

மீதி மூன்று லொக்கேஷன்களில் மொத்தம் 60 பீஸ் குறைவு. இதற்கு ஜோடியும் இல்லை, பெட்டிக் கணக்கும் இல்லை, திறந்த ஆவணமும் இல்லை. உடைந்ததைப் பதியாமல் தூக்கிப் போட்டிருக்கலாம், அவசரத்துக்கு யாரோ ஸ்கேன் செய்யாமல் எடுத்திருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். விசாரிக்க வேண்டிய பிழை இதுதான்.

கையில் காணாமல் போனது உண்மையில் 60 பீஸ். நிகரக் கணக்கு அதை 50 என்று காட்டியது, கிராஸ் கணக்கு 570 என்று காட்டியது. காரணவாரியாகப் பிரித்த பிறகுதான் சரியான அளவு தெரிகிறது.

பிரித்துப் பார்த்ததில் மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. இடது, வலது பாகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் வெவ்வேறு வரிசைக்கு மாற்றினார்கள். முழுப் பெட்டி எடுக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். எண்ணும் நேரத்தை, மாலை வண்டிகள் போன பிறகு என்று தள்ளினார்கள். ஆறு மாதத்தில் 400க்கு 394 பொருந்தியது, 98.5 சதவீதம்.

ரெஸ்யூமில் இது ஒரே வரிதான்: "3,000 லொக்கேஷன் குடோனில் மாதம் 400 லொக்கேஷன் பிளைண்ட் கவுண்ட், இடது-வலது பாகங்களைப் பிரித்து வைத்தும், பெட்டிவாரி ஸ்கேன் கொண்டுவந்தும், எண்ணும் நேரத்தை மாற்றியும் லொக்கேஷன் துல்லியம் ஆறு மாதத்தில் 96லிருந்து 98.5." நம் ஊரில் ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள் என்றாலும் வரியில் இருக்க வேண்டியவை இவைதான்: குடோனின் அளவு, எண்ணிய அளவு, எண்ணிய முறை, செய்த மாற்றம், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு.

மாற்றத்தை முடிவு செய்தவர் மேலாளர், நடைமுறைப்படுத்தியவர் சூப்பர்வைசர் என்றால் அப்படியே எழுதுவது நல்லது. பிழைப் பட்டியலைக் காரணவாரியாகப் பிரித்தது நான் என்று சொல்லிக்கொள்வதே சூப்பர்வைசர் நிலைக்குப் போதுமான தகுதி.

ஐயாயிரம் என்ன?

டிஸ்பாட்ச் வரியில் சிக்கல் வேறு விதம். துல்லியத்தில் எண்ணின் கீழ்ப்பகுதி காணாமல் போகிறது. இங்கே அலகே காணாமல் போகிறது.

அதே குடோனில் ஒரு சாதாரண நாள்: 320 ஆர்டர்கள், அவற்றுக்குள் 1,450 லைன்கள், மொத்தம் 9,000 பீஸ், வெளியே போனது 14 வண்டி. இதில் லைன் என்பதுதான் குடோன்காரர்கள் உழைப்பை அளக்கும் அலகு. ஓர் ஆர்டரில் ஒரு பொருள் ஒரு லைன். ஒருவர் 4 ஃபில்டர், 2 கண்ணாடி, 1 கிளட்ச் பிளேட் கேட்டால் அது ஓர் ஆர்டர், மூன்று லைன், ஏழு பீஸ். எடுப்பவர் மூன்று தட்டுக்கு நடக்க வேண்டும். 200 நட்டு கேட்டால் பீஸ் 200தான், ஆனால் லைன் ஒன்று, நடை ஒரு முறை. பீஸ் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதால் ரெஸ்யூமில் அதைப் போடத் தோன்றும். எத்தனை முறை தட்டுக்குப் போய் எடுத்தார்கள் என்பதை லைன்தான் காட்டும்.

எந்தக் குடோனுக்கு எந்த அலகு என்பது பொருளைப் பொறுத்தது. உதிரிபாகத்துக்கும் ஆன்லைன் ஆர்டருக்கும் லைன். பிஸ்கட், சோப்பு போன்றவற்றுக்குப் பெட்டி. சிமெண்ட், உரம் என்றால் டன்னும் வண்டியும். விண்ணப்பிக்கும் குடோன் எந்த வகை என்று பார்த்து, அந்த அலகை முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அந்த அளவை எத்தனை பேர் செய்தார்கள். நம் மாதிரியில் எடுப்பவர்கள் 12 பேர். சாப்பாடு, டீ, கூட்டம் போக ஆளுக்கு 7 மணி நேரம். மொத்தம் 84 ஆள்-மணி. 1,450ஐ 84ஆல் வகுத்தால் மணிக்கு ஆளுக்குச் சுமார் 17 லைன். இது வேகமா மெதுவா என்பது குடோனின் நீளத்தையும் பொருளின் எடையையும் பொறுத்தது. கையால் எடுக்கும் சிறு பாகத்துக்கும் ஃபோர்க்லிஃப்ட் வைத்து இறக்கும் பேலட்டுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. எண்ணை மட்டும் சொல்லாமல் "கையால் எடுக்கும் சிறு பாகங்கள், ஆர்.எஃப். ஸ்கேனர் வசதியுடன்" என்று சூழலையும் சேர்த்தால்தான் ஒப்பிட முடியும்.

சராசரி நாளோடு உச்ச நாளையும் சொல்ல வேண்டும். உதிரிபாகக் குடோனில் மாதத்தின் கடைசி மூன்று நாள்தான் சோதனை. விற்பனைப் பிரிவு இலக்கை முடிக்க ஆர்டர்களைக் குவிக்கும். 1,450 லைன் 2,200 ஆகும். அன்று ஆளை எங்கிருந்து கொண்டுவந்தார், எந்த வண்டியை முதலில் ஏற்றினார், உள்ளே வரும் பொருளை இறக்குவதை எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தார் என்பதில்தான் சூப்பர்வைசரின் திறமை தெரியும். "சராசரி 1,450, மாத இறுதியில் 2,200" என்று இரண்டு எண்ணும் இருந்தால் நேர்காணலில் கேள்வி தானாக அங்கே போகும். பதில் வைத்திருப்பவருக்கு அது நல்ல வாய்ப்பு.

அளவைச் சொன்னால் தரத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி போய்விட்டது என்பதற்கும், கேட்டது கேட்ட நேரத்தில் முழுதாகப் போனது என்பதற்கும் தூரம் உண்டு. அன்றைய 320 ஆர்டர்களில் 310 நேரத்துக்குப் போயின, அது 96.9 சதவீதம். 308 முழுதாகப் போயின, அது 96.3 சதவீதம். இரண்டும் சேர்ந்து சரியாக அமைந்தவை 301. அதாவது 94 சதவீதம். தாமதமானவை 10, குறைவாகப் போனவை 12, இரண்டு குறையும் இருந்தவை 3. பத்தும் பன்னிரண்டும் கூட்டி மூன்றைக் கழித்தால் 19. பொருளின் சொந்தக்காரர் கேட்பது இந்தக் கடைசிக் கணக்கைத்தான். துறையில் இதற்கு ஓடிஃப் என்று பெயர். ஒன்றை மட்டும் எடுத்து "97 சதவீதம் நேரத்துக்கு" என்று எழுதியவரிடம் "முழுதாகவா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

ஷிஃப்டின் அளவையும் குடோனின் அளவையும் கலக்காமலிருப்பது முக்கியம். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் முழுக் குடோனின் எண்ணைத் தன் பெயரில் எழுதினால், "உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?" என்ற ஒரே கேள்வியில் கணக்கு உடைந்துவிடும். 12 பேரைக் கொண்டு 5,000 லைன் எடுக்க ஆளுக்கு மணிக்கு 60 லைன் எடுக்க வேண்டும். ரேக்குகளுக்கு நடுவே நடந்து எடுக்கும் இடத்தில் அது நடக்கிற காரியம் இல்லை என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும்.

எஸ்ஏபி தெரியும் என்றால்

மூன்றாவது வரி மென்பொருள். "எஸ்ஏபி தெரியும்" என்பது எந்தத் திரையில் வேலை செய்தார் என்பதைச் சொல்வதில்லை. எஸ்ஏபியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு உண்டு. தினமும் தட்டச்சு செய்தவருக்கு அது மனப்பாடம்.

சரக்கு உள்ளே வந்ததைப் பதிய MIGO. இருப்பைப் பார்க்க MB52. ஒரு பொருள் எப்போது எங்கே அசைந்தது என்று தேட MB51. வெளியே போக வேண்டிய டெலிவரிகளின் பட்டியல் VL06O. டெலிவரியைத் திறந்து மாற்றிச் சரக்கு வெளியேறியதாகப் பதிய VL02N. ரெஸ்யூமில் இவற்றை எல்லாம் அடுக்க வேண்டாம். தினமும் பயன்படுத்திய நான்கைந்தை, என்ன வேலைக்கு என்று சேர்த்து எழுதினால் போதும்.

எண்ணிக்கைக்கான குறியீடுகள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். எஸ்ஏபியில் MI என்று தொடங்கும் வரிசை உண்டு: MI01இல் எண்ணும் ஆவணத்தை உருவாக்குவது, MI04இல் எண்ணியதை ஏற்றுவது, MI20இல் வித்தியாசப் பட்டியல், MI07இல் வித்தியாசத்தைக் கணக்கில் பதிவது. இந்த வரிசை ஒரு கிடங்கு அல்லது பகுதியில் மொத்தம் எவ்வளவு என்ற அளவில் வேலை செய்யும். பொருள் எந்தத் தட்டில் என்பது அதற்குத் தெரியாது. தட்டு வரை கணக்கு வைக்கும் WM பகுதி இருக்கும் இடத்தில் குறியீடுகள் வேறு: LI01N, LI11N, LI20. அதைவிட விரிந்த EWM இருந்தால் திரைகளே வேறு, கண்காணிப்பதற்கு /SCWM/MON. ஆகவே லொக்கேஷன் வாரியாகத் துல்லியம் 98.5 என்று எழுதிவிட்டு, மென்பொருள் வரியில் MI04 மட்டும் இருந்தால் கூர்மையான மேலாளர் நிமிர்ந்து பார்ப்பார். தட்டுக் கணக்கு எங்கே வைத்திருந்தீர்கள் என்பார். "தனி டபிள்யூஎம்எஸ் இருந்தது, எஸ்ஏபிக்கு மொத்தம் மட்டும் போகும்" என்றோ, "எக்செல்லில் வைத்திருந்தோம்" என்றோ பதில் இருந்தால் சரி. மூன்று வரிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும்.

அதிகாரத்தின் எல்லையும் இங்கே தெரியும். பல நிறுவனங்களில் எண்ணியதை ஏற்றுபவர் ஒருவர், வித்தியாசத்தைக் கணக்கில் பதிபவர் வேறொருவர். எண்ணுபவரே குறைவை அழித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிப் பிரிக்கிறார்கள். அதனால் "எண்ணிக்கை ஏற்றுவது, மறு எண்ணிக்கை, காரணப் பட்டியல் வரை நான், பதிவு மேலாளரின் ஒப்புதலுடன்" என்று எழுதுபவர் நன்றாக நடக்கும் குடோனிலிருந்து வருகிறார் என்று புரியும். அதிகமாகக் கூடினால் 701, குறைந்தால் 702 என்ற அசைவு எண்ணில் அது பதிவாகும் என்று கேட்ட உடனே சொல்ல முடிந்தால், திரையைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

நம் நாட்டுக் குடோனில் இன்னொரு அமைப்பும் தினசரி வேலை: இ-வே பில். சாதாரணமாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர்ந்தால் அது வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே நகர்ந்தால் ஒரு லட்சம் வரை விலக்கு. சரக்கு விவரம் பகுதி ஏ, வண்டி எண் பகுதி பி. வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் பகுதி பியைத் திருத்த வேண்டும். தவறாக உருவாக்கியதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும். இவற்றைத் தானே செய்தவர் அதை எழுத மறந்துவிடுகிறார், வழக்கமான வேலை என்று நினைப்பதால். வண்டி நிற்காமல் போக வேண்டும் என்று நினைக்கும் முதலாளிக்கு எஸ்ஏபியைவிட இந்த வரி கண்ணில் படலாம்.

எஸ்ஏபி இல்லாத குடோனில் இருந்தால்

செங்குன்றம், ஈரோடு, சிவகாசி என்று பல ஊர்களின் குடோன்களில் ரேக் எண்ணும் கிடையாது, ஸ்கேனரும் கிடையாது. டேலியும் ஒரு நோட்டும்தான். அங்கே வேலை செய்தவர் பெரிய மென்பொருளின் பெயரை எழுதிச் சமாளிக்க வேண்டியதில்லை. டேலியில் குடோன் வாரியாக ஸ்டாக் வைத்ததையும், எக்செல்லில் டேலி இருப்பையும் எண்ணிய இருப்பையும் VLOOKUP போட்டு ஒப்பிட்டதையும் எழுதலாம். 600 பொருளில் மாதம் 100ஐ எண்ணி ஒப்பிட்டேன், 91 பொருந்தியது என்றால் அது ஒரு முழுமையான வரி. கேட்டில் இருக்கும் வண்டி நோட்டிலிருந்து ஒரு நாளைய வண்டி எண்ணிக்கை தெரியும், பில் புத்தகத்திலிருந்து ஆர்டரும் லைனும் தெரியும். வேலையில் இருக்கும்போதே வாரம் ஒருமுறை இந்த மொத்தங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டால் பிறகு நினைவிலிருந்து இட்டுக்கட்ட வேண்டியிருக்காது.

மொத்தங்களை மட்டும் என்பதில் காரணம் உண்டு. வாடிக்கையாளர் பட்டியல், விலை, பார்ட் நம்பர், ஸ்டாக் அறிக்கை ஆகியவை நிறுவனத்தின் சொத்து. அவற்றை நகல் எடுத்து வந்து நேர்காணலில் காட்டினால், நாளை எங்கள் கணக்கையும் இப்படித்தான் வெளியே கொண்டுபோவார் என்றே எதிரே இருப்பவர் நினைப்பார். "பயணிகள் கார் உதிரிபாகம், ஒரு பெரிய வாகன நிறுவனத்துக்காக" என்ற அளவில் பெயரை மறைத்து, எண்களை முழுமையாக்கி எழுதினால் விஷயமும் போய்ச் சேரும், ரகசியமும் காக்கப்படும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் நம் சூப்பர்வைசரின் ரெஸ்யூமில் இந்த வேலைக்கான பகுதி இப்படி வரும்:

- உதிரிபாகக் குடோன், 3,000 லொக்கேஷன். ஷிஃப்ட் பொறுப்பு, 12 பிக்கர்கள்.
- மாதம் 400 லொக்கேஷன் பிளைண்ட் கவுண்ட். பிழைகளைக் காரணவாரியாகப் பிரித்தது. லொக்கேஷன் துல்லியம் 96லிருந்து 98.5, ஆறு மாதத்தில்.
- ஷிஃப்டில் நாளுக்குச் சராசரி 320 ஆர்டர், 1,450 லைன், 14 வண்டி. மாத இறுதியில் 2,200 லைன். நேரத்துக்கும் முழுமையாகவும் போனவை 94 சதவீதம்.
- எஸ்ஏபி WM: LI11N எண்ணிக்கை, VL06O டெலிவரி கண்காணிப்பு, VL02N வெளியேற்றம், ஆர்.எஃப். ஸ்கேனர், இ-வே பில் உருவாக்கம், வண்டி மாற்றம், எக்செல் பிவட், VLOOKUP.

நான்கே வரி. "கடின உழைப்பாளி", "குழுவாக வேலை செய்பவர்" என்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியை அழைக்கிறது, அந்தக் கேள்விக்கான பதில் எழுதியவர் கையில் இருக்கிறது. இந்த ரெஸ்யூமைப் படிக்கும் நல்ல மேலாளர் 98.5ஐப் பாராட்டிவிட்டு நகரமாட்டார். "400இல் மீதி ஆறு லொக்கேஷன் என்ன ஆயிற்று?" என்று கேட்பார். "இரண்டு பார்ட் நம்பர் குழப்பம் சார், ஒன்றில் ரிட்டர்ன் சரக்கைப் பதியாமல் தட்டில் வைத்துவிட்டார்கள், மூன்றுக்குக் காரணம் கிடைக்கவில்லை, அந்தத் தட்டுகளை மட்டும் வாரம் ஒருமுறை எண்ணுகிறோம்" என்று சொல்ல முடிந்தவருக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பதிலால்தான்.